இரண்டே எழுத்தில் திறக்கும் வழி

ஸ்கிராபிள் ஆட்டம் பாதியைத் தாண்டியதும் போர்டு இறுகத் தொடங்கும். முதல் நாலைந்து சொற்கள் விழும்வரை எங்கே வேண்டுமானாலும் நீளமான சொல்லை வைக்கலாம் என்று தோன்றும். பிறகு சொற்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்டின் ஒரு பக்கம் குவிந்துவிடும். கையில் AUDIO என்ற சொல் தயாராக இருக்கும். அதை வைக்க ஐந்து கட்டம் இருக்காது. இடம் இருக்கும் மூலையில் அந்தச் சொல்லைத் தொட்டுக்கொள்ளச் சரியான எழுத்து இருக்காது.

புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். தங்கள் ஆங்கிலச் சொல்வளம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, நீளமான, அரிதான சொற்களைப் படிக்கப் போகிறார்கள். அவர்களை உண்மையில் தடுத்து நிறுத்துவது வேறு. AA, QI, XU, OE போன்ற ஈரெழுத்துச் சொற்கள் அவர்களுக்குத் தெரிவதில்லை. நெருக்கமான போர்டில் பெரிய சொல்லுக்கு இடம் வாங்கிக் கொடுப்பவை இந்தச் சின்னச் சொற்கள்தான்.

நெருக்கடியை உண்டாக்கும் விதி

ஸ்கிராபிளை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப ஒவ்வோர் எழுத்துக்கும் டைல்களின் எண்ணிக்கையையும் மதிப்பையும் வைத்தார். 1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் இந்த ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார். ஆங்கிலப் பெட்டியில் 100 டைல்கள். அவற்றில் இரண்டு வெற்று டைல்கள். போர்டில் 15-க்கு 15 என்ற கணக்கில் 225 கட்டங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் உள்ள ரேக்கில் ஏழு டைல்கள் இருக்கும்.

விதி எளிது. புதிய சொல் போர்டில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஓர் எழுத்தைத் தொட வேண்டும். அப்படித் தொடும்போது, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் அடுத்தடுத்து அமையும் எல்லா எழுத்துகளும் செல்லுபடியாகும் சொற்களாக இருக்க வேண்டும். வைத்த சொல் சரியாக இருந்து, பக்கத்தில் எதேச்சையாக TN என்று இரண்டு எழுத்து சேர்ந்துவிட்டாலும் அந்த ஆட்டம் செல்லாது.

போர்டை இறுக்குவது இந்த விதி. அதிலிருந்து தப்பிக்கும் வழியும் இதே விதிக்குள் இருக்கிறது. பக்கத்தில் அமையும் ஈரெழுத்து ஒவ்வொன்றும் சொல்லாக இருந்துவிட்டால், ஏற்கெனவே உள்ள சொல்லுக்கு அடியிலேயே ஒட்டினாற்போல இன்னொரு சொல்லைப் படுக்க வைக்கலாம். அதற்கென்று தனி இடம் வேண்டியதில்லை. அத்துடன், அப்படி உருவாகும் ஒவ்வோர் ஈரெழுத்துச் சொல்லுக்கும் தனித்தனியே புள்ளி கிடைக்கும். ஆட்டக்காரர்கள் இதைப் பேரலல் ப்ளே என்பார்கள்.

எவை செல்லும் என்பதைப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. இந்தியா, இலங்கை, பிரிட்டன் உட்படப் பெரும்பாலான நாடுகளின் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல்; அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறொரு பட்டியல். 2019-இல் வெளியான காலின்ஸ் பட்டியலில் ஈரெழுத்துச் சொற்கள் 127. மொத்தச் சொற்களோ சுமார் 2,80,000. அந்தப் பெருங்கடலில் 127 என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓர் ஆட்டத்தில் உங்கள் கை அதிகம் தேடிப்போவது அந்த 127-ஐத்தான்.

ஒரு ரேக், ஒரு வரிசை

இதை ஒரு நிலையை வைத்தே பார்த்துவிடலாம். போர்டின் ஒன்பதாவது வரிசையில், இடது ஓரத்துக் கட்டத்திலிருந்து தொடங்கி PLANTER என்ற சொல் இருக்கிறது. அதற்கு மேலே நிறைய எழுத்துகள் நெருக்கியிருக்கின்றன. கீழே பத்தாவது வரிசை காலி. உங்கள் ரேக்கில் இருப்பவை A, A, D, E, E, I, R. ஏழில் ஐந்து உயிரெழுத்துகள். நீளமான சொல்லை வைக்க வேறெங்கும் இடமில்லை.

PLANTER என்பதன் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்து, 'உனக்குக் கீழே எது வரலாம்?' என்று கேளுங்கள். P-க்குக் கீழே A, E, I, O வரலாம்; PA, PE, PI, PO நான்கும் சொற்கள். L-க்குக் கீழே A, I, O. A-வுக்குக் கீழே பல எழுத்துகள் வரலாம். உங்கள் கையில் இருப்பவற்றில் A, D, E, I, R எல்லாமே பொருந்தும். N-க்குக் கீழே A, E, O, U, Y. T-க்குக் கீழே A, E, I, O. E-க்குக் கீழேயும் பல. R-க்குக் கீழே E மட்டும்தான், ஏனென்றால் R-இல் தொடங்கும் ஈரெழுத்துச் சொல் RE ஒன்றுதான்.

இந்தக் கணக்கு மனத்தில் வந்துவிட்டால், L, A, N, T என்ற நான்கு எழுத்துகளுக்கு அடியில் IDEA கச்சிதமாக உட்காருவது தெரியும். மேலிருந்து கீழாக LI, AD, NE, TA என்று நான்கு சொற்கள் பிறக்கும். LI என்பது சீனர்களின் தூர அளவு. NE என்பது ஓர் ஆணின் பிறப்புப் பெயரைக் குறிக்க வழங்கும் பிரெஞ்சுச் சொல். பத்தாவது வரிசையின் இரண்டாம் கட்டம், எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டம். அதில் விழும் I இரண்டு திசையிலும் 3 புள்ளியாகிறது. IDEA-வுக்கு 7, LI-க்கு 4, AD-க்கு 3, NE-க்கும் TA-வுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 18. இதே IDEA-வைச் சிறப்புக் கட்டம் எதுவும் இல்லாமல் தனியாக வைத்தால் கிடைப்பது வெறும் 5.

நல்ல ஆட்டக்காரர் இங்கே நின்றுவிட மாட்டார். அதே நான்கு எழுத்துகளை மாற்றி அடுக்கி AIDE ஆக்கி, ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளிப் பார்ப்பார். இப்போது P, L, A, N-க்கு அடியில் PA, LI, AD, NE கிடைக்கும். புள்ளி 20 ஆகிவிடும். இதைவிட முக்கியமான ஆதாயம் ஒன்றும் இதில் இருக்கிறது. IDEA-வை வைத்தால் எதிராளி அதன் முடிவில் S அல்லது L சேர்த்து IDEAS, IDEAL என்று நீட்டிவிடலாம். அந்த எழுத்து E-க்குக் கீழே விழுந்து ES, EL என்றாகும், இரண்டும் செல்லும். அந்தக் கட்டமும் மூன்று மடங்குக் கட்டம். AIDE-யை அப்படி நீட்ட முடியாது. AIDED, AIDER, AIDES என்று எதை முயன்றாலும் கடைசி எழுத்து T-க்குக் கீழே விழும். TD, TR, TS மூன்றும் சொற்கள் அல்ல. ஒரே ஒரு கட்டம் நகர்ந்ததில் இரண்டு புள்ளி கூடியது, எதிராளிக்கு ஒரு கதவும் மூடியது.

பட்டியலை இன்னும் ஆழமாகப் படித்தவருக்கு மூன்றாவது வழியும் தெரியும். AREAD என்றொரு பழைய ஆங்கில வினைச்சொல் காலின்ஸில் இருக்கிறது. அறிவி, எடுத்துரை என்று பொருள். அதை L, A, N, T, E-க்கு அடியில் வைத்தால் LA, AR, NE, TA, ED என்று ஐந்து சொற்கள். இரண்டாம் கட்டத்தில் A, ஆறாம் கட்டத்தில் D. இரண்டுமே மூன்று மடங்குக் கட்டங்கள். AREAD-க்கு 12, LA-வுக்கு 4, AR, NE, TA மூன்றுக்கும் சேர்த்து 6, ED-க்கு 7. மொத்தம் 29. இதன் முடிவில் S சேர்த்து நீட்டவும் முடியாது, ஏனென்றால் அது R-க்குக் கீழே விழும். RS என்று சொல் இல்லை.

ஆனாலும் 29 புள்ளி என்பதாலேயே AREAD-தான் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ரேக்கில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். AIDE வைத்தால் A, E, R மிஞ்சும். அடுத்த சுற்றில் நீளமான சொல் அமைக்க இதைவிட நல்ல அடித்தளம் கிடைப்பது கடினம். AREAD வைத்தால் E, I மிஞ்சும். அதுவும் மோசமில்லை. இங்கே ஒன்பது புள்ளி வித்தியாசம் இருப்பதால் AREAD-ஐ எடுத்துக்கொள்ளலாம். வித்தியாசம் இரண்டு மூன்று புள்ளிதான் என்றால், மிஞ்சும் எழுத்துகளே முடிவு செய்ய வேண்டும்.

இந்த மூன்று ஆட்டங்களில் எதிலும் ஈரெழுத்துச் சொல்லைத் தேடி யாரும் வைக்கவில்லை. வைத்தது நான்கெழுத்துச் சொல், ஐந்தெழுத்துச் சொல். ஈரெழுத்துச் சொற்கள் அதற்கு அனுமதி தந்தன. அதனால்தான் அவற்றைத் தெரிந்துகொள்வது, சின்னச் சொல் வைக்கப் பழகுவதைவிடப் பெரிய காரியம்.

ஒருபக்கம் சாய்ந்த ரேக்

ரேக்கில் உயிரெழுத்துகள் மட்டுமே நிறைந்துவிடும் சமயம் உண்டு. அப்போது உதவ, முழுக்க உயிரெழுத்துகளால் ஆன பத்துச் சொற்கள் காலின்ஸில் இருக்கின்றன: AA, AE, AI, EA, EE, IO, OE, OI, OO, OU. AA என்பது கரடுமுரடாக உறைந்த எரிமலைக் குழம்பு. ஹவாய் மொழியிலிருந்து வந்த சொல். AI என்பது தென் அமெரிக்காவின் மூன்றுவிரல் ஸ்லாத். OE என்பது ஃபாரோ தீவுகளை ஒட்டி வீசும் சுழற்காற்று. 

எதிர்மாறாக, உயிரெழுத்தே இல்லாமலும் ரேக் வரும். அதற்கும் சரியாகப் பத்துச் சொற்கள் உண்டு: BY, CH, FY, HM, KY, MM, MY, NY, SH, ST. இதில் பாதி, பேசும்போது நாம் எழுப்பும் ஒலிகள்.

இவற்றை வைப்பதால் புள்ளி அதிகம் வராது. ஆனால் இரண்டு உயிரெழுத்துகளைக் கழித்துவிட்டு இரண்டு புதிய டைல்களை எடுக்கிறீர்கள். டைல்களை மாற்றிக்கொண்டால் அந்தச் சுற்றில் புள்ளி எதுவும் கிடையாது. தவிர, பையில் ஏழு டைல்களாவது மிச்சம் இருந்தால்தான் மாற்றவே விதி அனுமதிக்கும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அந்த வழி அடைபட்டுவிடும். போர்டு மிக இறுகியிருப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் OE, OU போன்றவை தெரிந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது வைத்துக்கொண்டே இருப்பார். தெரியாதவர் பாஸ் சொல்ல வேண்டியதுதான்.

Q, Z, X கையில் வந்தால்

பட்ஸ் எழுத்துகளுக்கு மதிப்பு வைத்தபோது Q-க்கும் Z-க்கும் தலா 10, J-க்கும் X-க்கும் தலா 8 கொடுத்தார். வைக்கக் கடினமான எழுத்துகள் என்பதே காரணம். அந்த மதிப்புகள் இன்றும் மாறவில்லை. ஆனால் சொற்பட்டியல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வட அமெரிக்கப் பட்டியலில் QI, ZA ஆகியவை 2006-இல்தான் நுழைந்தன. QI என்பது சீன மரபு சொல்லும் உயிர்ச்சக்தி. ZA என்பது பீட்சாவுக்கு அமெரிக்கர்கள் வைத்த செல்லப்பெயர். அவை வந்ததிலிருந்து, கடினம் என்று கருதி 10 புள்ளி கொடுத்த எழுத்துகள் இரண்டே கட்டங்களில் இறங்கிவிடுகின்றன.

எவ்வளவு புள்ளி வரும் என்று பாருங்கள். போர்டில் IDLI என்ற சொல் படுக்கைவாக்கில் இருக்கிறது. ஆம், நம் இட்லி காலின்ஸ் பட்டியலில் இருக்கிறது. அதன் கடைசி எழுத்தான I-க்கு நேர் மேலே மூன்று மடங்குக் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது; அதற்கு வலப்பக்கக் கட்டமும் காலி. உங்களிடம் Q-வும் I-யும் இருக்கின்றன. Q-வை அந்த மூன்று மடங்குக் கட்டத்தில் வைத்து, I-யை அதன் வலப்பக்கம் வையுங்கள். இடமிருந்து வலமாக ஒரு QI, மேலிருந்து கீழாக இட்லியின் I-யோடு சேர்ந்து இன்னொரு QI. Q-வுக்கு 30, I-க்கு 1. ஆக ஒரு சொல்லுக்கு 31. இரண்டுக்கும் சேர்த்து 62. இரண்டு டைலில் 62 புள்ளி.

இந்தப் பெரிய எழுத்துகளுக்குத் திசை மிக முக்கியம். Q-வுக்கு QI மட்டும்தான். Z-க்கு ZA, ZE, ZO. J-க்கு JA, JO. மூன்றுமே முதலெழுத்தாக மட்டுமே வரும். எனவே Z கையில் இருந்தால், மேல்பக்கமோ இடப்பக்கமோ காலியாக இருக்கும் A, E, O ஆகியவற்றைத் தேட வேண்டும். I, U பக்கம் போவதால் பயனில்லை. X மட்டும் தாராளம். AX, EX, OX, XI, XU என்று ஐந்து உயிரெழுத்துகளோடும் சேரும். A, E, O மூன்றும் X-க்கு முன்னால் வரும். I, U இரண்டும் பின்னால். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் X உங்கள் கையில் மாட்டிக்கொண்டு கிடக்காது.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டம் முடியும்போது உங்கள் ரேக்கில் மிஞ்சியவற்றின் மதிப்பு உங்கள் கணக்கில் கழிக்கப்பட்டு, டைல்களை முடித்தவர் கணக்கில் சேர்க்கப்படும். Q மிஞ்சினால் உங்களுக்கு 10 குறையும், அவருக்கு 10 கூடும். வித்தியாசம் 20. நெருக்கமான ஆட்டம் பலவற்றில் வெற்றி தோல்வியே அவ்வளவுதான்.

V-யும் C-யும் எழுப்பும் சுவர்

பட்டியலில் எவை இருக்கின்றன என்று தெரிந்தால் மட்டும் போதாது; எவை இல்லை என்பதும் தெரிய வேண்டும். ஈரெழுத்துச் சொற்களில் V ஒரு முறைகூட வராது. C ஒரே ஒரு சொல்லில்தான் வரும், அது CH. ஆகவே V இருக்கும் இடத்தை ஒட்டிப் பேரலல் ப்ளே செய்யவே முடியாது. C-யை ஒட்டிச் செய்ய, அதற்குப் பின்னால் H வைத்தாக வேண்டும்.

போர்டு ஏன் சில ஆட்டங்களில் இவ்வளவு இறுகிப்போகிறது என்பதற்கு இது ஒரு முக்கிய விடை. முன்னணியில் இருக்கும் அனுபவசாலி, எதிராளிக்கு வழி கிடைக்கக்கூடாது என்று நினைத்தால், V-யையும் C-யையும் திறந்த பகுதியின் ஓரத்தில் கொண்டுபோய் வைப்பார். VIVID போன்ற ஒரு சொல்லின் அடியில் நீளமான சொல் எதையும் படுக்க வைக்க முடியாது. புதியவர் இதைக் கவனிக்காமல், அந்த வரிசையையே திரும்பத் திரும்பப் பார்த்து நேரத்தை வீணாக்குவார். ஒரு வரிசையில் V கண்ணில் பட்டால், அதன் இரு பக்கமும் உள்ள எழுத்துகளை மட்டும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். V-யைத் தாண்டும் எந்த யோசனையும் வேண்டாம்.

நீங்கள் பின்தங்கியிருந்தால் இதை நேர்மாறாகச் செய்ய வேண்டும். V உங்கள் ரேக்கில் வந்தால், அதைச் சீக்கிரம், ஏற்கெனவே நிறைந்துவிட்ட பகுதிக்குள் இறக்கிவிடுங்கள். திறந்த பக்கத்தில் A, E, O போன்ற எழுத்துகள் வெளியே தெரியும்படி வையுங்கள். போர்டு உங்களுக்காகத் திறந்திருக்கும்.

எப்படி மனப்பாடம் செய்வது

127 சொற்களையும் அகரவரிசையில் ஒரே மூச்சில் ஓதினால் பரீட்சைக்குப் படித்ததுபோல் அடுத்த வாரமே மறந்துவிடும். முதலில் தெரிந்தவற்றைப் பிரித்து வைத்துவிடுங்கள். AM, BE, GO, HE, IF, IT, MY, NO, ON, UP, WE என்று பள்ளி ஆங்கிலம் படித்த எவருக்கும் 40 சொற்களுக்கு மேல் ஏற்கெனவே தெரியும். 

அடுத்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவற்றைச் சேர்த்துப் படியுங்கள். ஆங்கில எழுத்துகளின் பெயர்களிலிருந்து AR, EF, EL, EM, EN, ES, EX. கிரேக்க எழுத்துகளிலிருந்து MU, NU, PI, XI. மேற்கத்திய இசையின் ஸ்வரங்களாக DO, RE, MI, FA, SO, LA, TI. அவற்றின் மாற்று வடிவங்களாக TE, SI, UT. நம் ஸ்வரங்களை நினைத்துக்கொண்டு SA, RI, GA, NI என்று வைத்துவிடாதீர்கள். அவை நான்கும் செல்லாது. MA-வும் PA-வும் செல்லும். ஆனால் அவை அம்மா, அப்பா என்ற பொருளில் வந்த சொற்கள்.

மிச்சமிருப்பவற்றை எழுத்துவாரியாகப் படிக்க வேண்டும். வாய்ப்பாடு படித்த முறைதான் இதற்கும். ஒவ்வொரு மெய்யெழுத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதற்குப் பின்னால் எந்த உயிரெழுத்து வரும், முன்னால் எது வரும்? K-யை எடுத்தால், பின்னால் A, I, O, Y. முன்னால் O மட்டும். L-க்குப் பின்னால் A, I, O. முன்னால் A, E. P-க்குப் பின்னால் A, E, I, O. முன்னால் O, U. G-க்குப் பின்னால் I, O, U. முன்னால் A, U. ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து என்று போனாலே சீக்கிரம் முடிந்துவிடும்.

இப்படிப் படிப்பதில் காரணம் இருக்கிறது. போர்டில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் சொல்லைத் தேடுவதில்லை. கண்முன் ஓர் எழுத்து இருக்கிறது. அதன் அடியில் எது வரலாம் என்பதுதான் கேள்வி. PLANTER-ஐப் பார்த்து நாம் கேட்டதும் அதைத்தான். எந்தக் கேள்வி ஆட்டத்தில் எழுமோ அதே கேள்வியாகப் படித்தால், விடை தயங்காமல் வந்து நிற்கும்.

பொருள் தெரியாமல் சொல்லை மட்டும் படிப்பது சரியா என்று சிலருக்கு உறுத்தும். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2007-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர். 2015-இல் அவர் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் வென்றார். அந்த மொழியில் அவருக்குப் பேசத் தெரியாது. பிரெஞ்சுச் சொற்பட்டியலைச் சில வாரங்கள் மனப்பாடம் செய்துவிட்டுப் போனார். ஸ்கிராபிள் கேட்பது எழுத்துகள் எப்படிச் சேரும் என்ற அறிவைத்தான். பொருளையும் தெரிந்துகொண்டால் நினைவில் நிற்க உதவும். ஸ்லாத்தும் எரிமலைக் குழம்பும் வெறும் AI, AA-வைவிட எளிதில் மனத்தில் ஒட்டும்.

எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல், பட்டியலைக் குழப்பிக்கொள்வது. காலின்ஸில் இருந்து வட அமெரிக்கப் பட்டியலில் இல்லாத ஈரெழுத்துச் சொற்கள் 20: CH, DI, EA, EE, FY, GU, IO, JA, KO, KY, NY, OB, OO, OU, ST, UG, UR, YU, ZE, ZO. செல்பேசிச் செயலிகளில் ஆடும்போது எந்தப் பட்டியல் என்பதை முதலில் அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். காலின்ஸில் பழகியவர் அமெரிக்கப் பட்டியலில் ZO வைத்தால் அது ஏற்கப்படாது.

நேரில் ஆடும்போது எதிராளி உங்கள் சொல்லைச் சவால் விடலாம். சொல் தவறாக இருந்தால் டைல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்தச் சுற்றில் பூஜ்யம் வாங்க வேண்டும். பேரலல் ப்ளேயில் ஆபத்து இன்னும் அதிகம். ஐந்து சொற்கள் ஒரே நேரத்தில் உருவாகும். நான்கு சரியாக இருந்து ஒன்று தவறானாலும் மொத்தமும் போய்விடும். ஆகவே டைல்களை இறக்கும் முன் ஒவ்வொரு நிரையையும் மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது சறுக்கல், அடுத்த அடுக்கை மறப்பது. PLANTER-இன் கீழே நீங்கள் AIDE வைத்ததும், அதன் கீழே எதிராளி இன்னொரு சொல்லைப் படுக்க வைக்கலாம். அப்போது PA என்பது PAD ஆகலாம், LI என்பது LIT ஆகலாம். இந்த அடுக்கில் ஈரெழுத்துச் சொற்கள் போதாது. மூன்றெழுத்துச் சொற்கள் தெரிய வேண்டும். அவை காலின்ஸில் 1,300-க்கும் மேல். எல்லாவற்றையும் உடனே படிக்க வேண்டியதில்லை. ஈரெழுத்துச் சொல் ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் எந்த எழுத்தைச் சேர்க்கலாம் என்பதிலிருந்து தொடங்கினால் போதும். QI-யோடு S சேர்ந்து QIS. ZA-வோடு S சேர்ந்து ZAS. AA-வோடு H, L, S சேர்ந்து AAH, AAL, AAS. எதிராளி எங்கே நீட்டுவார் என்பதை முன்கூட்டியே காட்டுபவை இவைதான்.

மூன்றாவது சறுக்கல், கையில் இருக்கிறதே என்று எப்போதும் சின்னச் சொல்லையே வைப்பது. ஆட்டத்தின் தொடக்கத்தில் போர்டு திறந்திருக்கும்போது ஏழு டைல்களையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் எட்டுப் புள்ளிக்காக இரண்டு நல்ல எழுத்துகளைச் செலவழித்து, வரிசைகளை நீங்களே அடைத்துக்கொண்டால், பின்னால் வரும் நெருக்கடிக்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள்.

அடுத்த முறை ஆடும்போது போர்டு இறுகியதும் ரேக்கைச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். போர்டில் மிக நீளமாகக் கிடக்கும் சொல்லைப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் காலியாக இருந்தால், அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அடியில் எதை ஏற்கும் என்று கேளுங்கள். V வந்தால் அங்கே நிறுத்துங்கள். R வந்தால் E மட்டும். இந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு ரேக்கைப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து செல்லும் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், தேட வேண்டிய சொற்கள் சட்டென்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருக்கும்.